கோண்டாவில் வீட்டுச் சுவரும் 32 ஓட்டைகளும்: ஈரம் ஏறும் பழைய சுவருக்கு மருந்து ஏற்றிய கதை

சுவரின் அடியில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு அடிக்கு ஒன்றாகச் சீமெந்து வைத்து அடைத்த வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன்: 32. அந்த வட்டங்களுக்கு மேலே பூச்சு பொருமி, உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது.

"இதுக்கு ஏற்கனவே மருந்து போட்டாச்சு தம்பி. நாலு வருசமாகுது. ஒரு பெரிய கான் முழுக்க ஊத்தினவை. ஈரம் போன பாடில்லை" என்றார் வீட்டுக்கார டீச்சர். அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. "மருந்து பிழையோ, போட்டவை பிழையோ?" மருந்து என்பது, நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கச் சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஏற்றும் இரசாயனம்.

வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள பழைய நாற்சார் வீடு. வடக்குப் பக்கச் சுவர் 9.6 மீற்றர் நீளம், 450 மில்லிமீற்றர் தடிப்பு. நம் கணக்கில் ஒன்றரை அடி. சுண்ணக்கல்லும் இடையிடையே முருகைக்கல்லும் வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதற்குச் செங்குத்தாக உள்ளே ஓர் அறைச் சுவர், 4.2 மீற்றர் நீளம், 230 மில்லிமீற்றர் தடிப்பு, செங்கல். இரண்டிலும் டி.பி.சி. என்று சொல்லும் ஈரத்தடுப்புப் படை கிடையாது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் அது இருக்காது. சுண்ணாம்புப் பூச்சும் திறந்த முற்றமும் இருந்தவரை ஏறிய ஈரம் தானாகக் காய்ந்து போயிருக்கும். பிறகு யாரோ உள்ளும் புறமும் சீமெந்து பூசி, மேலே எமல்ஷன் பெயின்ற் அடித்துவிட்டார்கள். காய வழியில்லாத ஈரம் மேலே மேலே ஏறியது.

முதலில் அந்த 32 ஓட்டைகளில் மூன்றைத் திறந்து பார்த்தோம். சீமெந்து அடைப்பை உடைத்து, நேரான கம்பி ஒன்றை உள்ளே விட்டு அளந்தேன். மூன்றிலும் 150 மில்லிமீற்றருக்கு மேல் கம்பி போகவில்லை. 450 தடிப்புள்ள சுவரில் 150 ஆழம் என்றால் மூன்றில் ஒரு பங்குச் சுவரைத்தான் மருந்து தொட்டிருக்கிறது. பின்பக்கத்து 300 மில்லிமீற்றரில் தண்ணீர் வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்தது இடைவெளி. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, அதே சாந்து வரியிலிருந்து கொட்டைப்பாக்களவு சாந்துத் துண்டு ஒன்றைப் பெயர்த்தெடுத்து வெயிலில் காயவைத்தேன். உடைத்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உடனே உறிஞ்சிவிட்டது. ஓட்டைக்கு அருகில், பெருவிரல் அகலத்துக்குள் எடுத்த துண்டிலோ தண்ணீர் தாமரை இலை மேல் நிற்பதுபோல உருண்டு நின்றது. ஆக மருந்து பிழையில்லை, தொட்ட இடத்தில் வேலை செய்திருக்கிறது. 300 மில்லிமீற்றருக்கு ஒரு ஓட்டை போட்டால் பக்கத்து ஓட்டையின் மருந்தைச் சந்திக்க ஒவ்வொன்றும் 150 மில்லிமீற்றர் பரவ வேண்டும். அவ்வளவு தூரம் அது போகாது.

மூன்றாவது அளவு. டீச்சர் சொன்ன கான் 20 லீற்றர். 9.6 மீற்றருக்கு 20 லீற்றர் என்றால் மீற்றருக்கு இரண்டு லீற்றர் சொச்சம். தண்ணீர்போல் ஓடும் இந்த வகைத் திரவத்துக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, சுவரின் ஒவ்வொரு 115 மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒன்றரை லீற்றர். 230 செங்கல் சுவருக்கு மூன்று லீற்றர், 450 சுவருக்கு ஏறத்தாழ ஆறு லீற்றர். அந்தச் சுவருக்குத் தேவைப்பட்டது 56, 57 லீற்றர். போயிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு.

ஆறு லீற்றர் என்பது விற்பனைக்காகக் கூட்டிச் சொன்ன கணக்கில்லை. ஒரு மீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் தடிப்பு, 10 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பட்டியைச் சுவருக்குள் கற்பனை செய்யுங்கள். அதன் கன அளவு 45 லீற்றர். பழைய சாந்தும் முருகைக்கல்லும் கலந்த சுவரில் ஐந்தில் ஒரு பங்காவது நுண்துளையாக இருக்கும். அது ஒன்பது லீற்றர் வெற்றிடம். அதன் பெரும்பகுதியை மருந்து நிரப்பினால்தான் பட்டி இடைவெளியில்லாமல் அமையும். இரண்டு லீற்றர் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும், அவ்வளவுதான்.

ஈரமா, உப்பா?

பழைய வேலை பிழைத்த காரணம் தெரிந்தது. ஆனாலும் உடனே புதிதாகத் துளைக்கத் தொடங்கவில்லை. சுவரில் ஈரம் தெரிந்தாலே அது கீழிருந்து ஏறும் ஈரம் என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் மலிந்த தவறு. பீலி ஒழுகினாலும், குளியலறைக் குழாய் கசிந்தாலும் இதே கோலம்தான். மின்சார ஈரமானி இதைப் பிரித்துச் சொல்லாது. இரண்டு ஊசியையும் சுவரில் குத்தினால் உப்பைக் கண்டதும் சிவப்பு விளக்கு எரியும். இங்கே மூன்றடி வரை சிவப்பு எரிந்தது. முன்பு வந்தவர்களும் அதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

நான் செய்யும் சோதனை பழையது, செலவில்லாதது. 2023 தை மாதம், மாரி முடிந்த கையோடு, நிலத்திலிருந்து 30, 90, 150 சென்ரிமீற்றர் உயரங்களில் டிறிலை மெதுவாகச் சுழலவிட்டு (வேகமாகச் சுழன்றால் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும்) சாந்துத் தூள் எடுத்தேன். பூச்சின் தூளை ஒதுக்கிவிட்டு உள்ளே வரும் தூளை மட்டும் மூடியுள்ள சிறு டப்பாவில் அடைத்து, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்தேன். பிறகு தூளைத் திறந்த தட்டில் பரப்பி, அடியில் சோற்றுப்பு கரையக் கரையப் போட்ட தண்ணீர் உள்ள கண்ணாடிப் பரணியில், தண்ணீரில் படாமல் வைத்து மூடினேன். கரையாத உப்பு அடியில் கிடக்கும் அளவுக்குக் கலந்த தண்ணீர் பரணிக்குள் காற்றின் ஈரப்பதத்தை 75 வீதத்தில் நிறுத்திவைக்கும். நிறை மாறாமல் நிற்கும்வரை அங்கே வைத்து நிறுத்தேன். கடைசியாக 100 பாகை சூட்டில் உலர்த்தி மறுபடி நிறுத்தேன்.

முதல் நிறைக்கும் உலர்ந்த நிறைக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் இருந்த மொத்த ஈரம். பரணி நிறைக்கும் உலர்ந்த நிறைக்கும் உள்ள வித்தியாசம், உப்பு காற்றிலிருந்து தானாக இழுத்துக்கொள்ளும் ஈரம். மொத்தம் உப்பின் பங்கைவிட நிறையக் கூடுதலாக இருந்தால்தான் தண்ணீர் வேறெங்கோ இருந்து வருகிறது.

30 சென்ரிமீற்றரில் மொத்தம் 9.6 வீதம், உப்பின் பங்கு 2.1. இது ஏறும் ஈரம்தான். 90 சென்ரிமீற்றரில் மொத்தம் 5.4, உப்பின் பங்கு 4.8. அங்கே ஏறும் தண்ணீர் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அது கொண்டுவந்து விட்டுப்போன உப்புத்தான் ஈரமாகத் தெரிகிறது. 150இல் இரண்டும் ஒரு வீதச் சொச்சம், அதாவது காய்ந்த சுவர். கீழே ஈரம் கூடி மேலே உப்புக் கூடி அதற்கும் மேலே ஒன்றுமில்லாமல் போவதுதான் ஏறும் ஈரத்தின் கையெழுத்து. மேலிருந்து ஒழுகினால் இந்த ஒழுங்கு இருக்காது.

கோண்டாவில் பக்கம் செம்மண் தோட்டங்கள். உரத்தின் நைத்திரேற்றும் மலசலக்கூடக் குழியின் நைத்திரேற்றும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேருகின்றன. அந்த நீரை உறிஞ்சும் சுவரில் நைத்திரேற்றும் குளோரைட்டும் படியும். இவை இரண்டும் காற்று ஈரத்தைக் குடிக்கும் உப்புகள். ஈரத்தைத் தடுத்த பிறகும் இந்த உப்பு சுவரிலேயே இருக்கும் என்பதை டீச்சரிடம் அன்றே சொல்லிவைத்தேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

எந்த உயரத்தில்?

பிரித்தானியத் தரக்கோவை பி.எஸ். 6576 வெளி நிலத்திலிருந்து குறைந்தது 150 மில்லிமீற்றர் மேலே ஓட்டை வரிசை போகச் சொல்கிறது. மழை தெறித்துச் சுவர் நனையும் உயரம் அது. இந்த வீட்டில் வெளி நிலம் உள்நிலத்தைவிட 280 மில்லிமீற்றர் தாழ்வு. வெளியே 150 என்று வைத்திருந்தால் வரிசை உள்நிலத்துக்குக் கீழே போயிருக்கும். உள்நிலத்துக்கு அடியிலுள்ள நிரப்பு மண் வரிசைக்கு மேலே சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈரம் அந்த மண் வழியாகத் தடுப்பைச் சுற்றி ஏறிவிடும். ஆகவே உள்நிலத்திலிருந்து 50 மில்லிமீற்றர் மேலே, வெளியே பார்த்தால் 330இல் வரிசையைப் போட்டோம். வெளிப்பக்கத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும் சீமெந்துப் பூச்சையும் கழற்றினோம். தடுப்பின் மேல் பாலம்போலப் பூச்சு கிடந்தால் உள்ளே எத்தனை லீற்றர் போட்டும் பயனில்லை.

கிறீமும் கணக்கும்

இந்த முறை திரவம் வேண்டாம், கிறீம் என்று முடிவு செய்தேன். இரண்டிலும் வேலை செய்வது சிலேன், சிலொக்சேன் வகைப் பொருள்தான். ஈரத்தோடு வினைபுரிந்து நுண்துளைகளின் உட்சுவரில் சிலிக்கோன் பூச்சாகப் படியும். துளை அடைபடாது, ஆனால் தண்ணீர் ஒட்டி ஏறாது. திரவத்தில் அந்தப் பொருள் நூற்றுக்கு ஐந்தோ ஏழோ பங்கு. மிச்சம் அதைச் சுமந்து போகும் தண்ணீரோ எண்ணெயோ. கிறீமில் 60 முதல் 80 பங்கு வரை இருக்கும். அதனால்தான் திரவம் ஆறு லீற்றர் கேட்கிற இடத்தில் கிறீம் அரை லீற்றருக்குள் முடிகிறது. கல்லுச் சுவரில் இன்னொரு வசதியும் உண்டு. திரவம் ஒரு பொந்தைக் கண்டால் அதன் வழியே ஓடிவிடும். கிறீம் வைத்த இடத்தில் நின்று மெல்ல ஊறும். அப்படித்தான் நினைத்தேன்.

கிறீமின் அளவு ஓட்டையின் கன அளவேதான். 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓட்டையின் குறுக்குவெட்டு 1.13 சதுர சென்ரிமீற்றர். ஆழம், சுவரின் தடிப்பில் 40 மில்லிமீற்றர் குறைவு. மறுபக்கம் உடைந்து வெளியேறக் கூடாது.

செங்கல் சுவருக்கு ஆழம் 190. ஓட்டை ஒன்றுக்கு 21.5 மில்லி லீற்றர். 120 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் போட்டால் மீற்றருக்கு எட்டுச் சொச்சம் ஓட்டை, 0.18 லீற்றர். சிந்துவதற்கும் சேர்த்து மீற்றருக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளலாம். 4.2 மீற்றருக்கு 36 ஓட்டை, 0.85 லீற்றர்.

கல்லுச் சுவருக்கு ஆழம் 410, ஓட்டைக்கு 46.4 மில்லி லீற்றர். இங்கே இடைவெளியை 100 ஆக நெருக்கினேன். செங்கல் சுவரில் சாந்து வரி நேராக ஓடும், ஒவ்வொரு ஓட்டையும் அதில் விழும். கல்லுச் சுவரில் சில ஓட்டைகள் கல்லில் முட்டி வீணாகும் என்பது தெரிந்ததே. மீற்றருக்குப் பத்து ஓட்டை, 0.46 லீற்றர். 9.6 மீற்றருக்கு 96 ஓட்டை, 4.45 லீற்றர், நூற்றுக்கு 15 சேர்த்தால் 5.1. இரண்டு சுவருக்கும் ஆறு லீற்றர் போதும் என்று கணக்குப் போட்டு, 600 மில்லி லீற்றர் பொதி பத்து வாங்கினேன்.

வேலையை ஆடி மாதம் வைத்துக்கொண்டோம். நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும், சோளகம் நன்றாக வீசும். பூச்சை உள்ளே 120 சென்ரிமீற்றர் உயரம்வரை, அதாவது உப்பு எல்லையைத் தாண்டி ஒரு அடி, உடைத்துக் கழற்றினோம். நிலத்தோரமாகப் போன மின்வயரைத் தேடிக் கழற்றியது முதல் வேலை. ஒன்றரை அடி நீளப் பிட்டோடு ஓடும் டிறில் வயரைக் கண்டு நிற்காது.

கல்லுச் சுவரில் ஓட்டை போடுவது கையும் காதும் சேர்ந்து செய்கிற வேலை. கல்லும் வெள்ளை, சாந்தும் வெள்ளை. நிறத்தைப் பார்த்துத் தெரியாது. மேசன் அண்ணை பிட்டிலிருந்து விழும் தூளை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். மணல் நெருடினால் சாந்து. கோதுமை மாபோல வழுக்கினால் கல். சத்தமும் மாறும். சாந்தில் டிறில் முனகிக்கொண்டு போய் ஒரு நிமிடத்துக்குள் முழு ஆழத்தையும் தொடும். கல்லில் கீச்சிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். முன்பக்கத்தில் கல் வந்தாலும் விடாமல் துளைப்போம், பின்னால் நடுச்சுவரின் சாந்து கிடைக்கும். முழுக்கக் கல் என்றால் அந்த ஓட்டையைக் கைவிட்டு இரண்டு விரல் தள்ளி இன்னொன்று. சாந்து வரி படிபோல ஏறி இறங்கும் இடங்களில் ஓட்டைகளையும் அதனோடு ஏற்றி இறக்கி, படியின் செங்குத்து இணைப்பிலும் ஒன்று போட்டோம். வரிசை வளையலாம், அறுந்து போகக் கூடாது.

ஓட்டை போட்டதும் நீளமான குழாய் விட்டு ஊதித் தூளை வெளியேற்ற வேண்டும். ஈரத் தூள் ஓட்டையின் உட்சுவரில் அப்பிக்கொண்டால் கிறீம் சாந்தைத் தொடவே தொடாது.

இரண்டு மீற்றரில் நின்ற வேலை

கிறீம் துவக்கின் மெல்லிய குழாயை ஓட்டையின் அடிவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஓட்டை நிரம்பிக்கொண்டு வரும்போது குழாயைக் கிறீமே வெளியே தள்ளும், கையில் அது தெரியும். செங்கல் சுவரில் 36 ஓட்டையும் அப்படித்தான் நிரம்பின. கணக்கிட்ட 0.85 லீற்றர் அப்படியே போனது.

கல்லுச் சுவரில் நான்காவது ஓட்டையிலேயே அந்தத் தள்ளல் வரவில்லை. ஏதோ சிறிய பொந்து என்று தொடர்ந்து அழுத்தினோம். ஏழாவது, எட்டாவதும் அப்படியே. முதல் 20 ஓட்டைகள், அதாவது இரண்டு மீற்றர், முடிந்தபோது வெறும் பொதிகளை எண்ணினேன். நான்கு. 0.93 லீற்றர் போக வேண்டிய இடத்தில் 2.4 லீற்றர் போயிருந்தது.

"சுவர் குடிக்குது, குடிக்கட்டும். கூடப் போனால் நல்லதுதானே?" என்றார் அண்ணை. இல்லை. பழைய கல்லுச் சுவர்கள் பல இரண்டு முகமும் நல்ல கல்லாகவும் நடுவில் உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்பியவையாகவும் இருக்கும். காலப்போக்கில் நடுச்சாந்து கரைந்து இறங்கிப் பொந்து விழும். கிறீம் அந்தப் பொந்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டால், அது இருக்க வேண்டிய கோட்டில் மருந்து இல்லை. திரவமாக இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு வெளிமுற்றத்தில் தேடியிருப்போம். கிறீம் பொந்தில் நிற்கும் என்று நான் நினைத்ததும் அரைகுறைதான். விரல் அளவுப் பொந்தில் நிற்கும், கை அளவுப் பொந்தில் நிற்காது. துளைக்கும்போதே டிறில் சட்டென்று உள்ளே பாய்ந்த ஓட்டைகளைக் குறித்துவைத்திருந்தால் கிறீமை வீணாக்காமலே தெரிந்திருக்கும். அது என் கவனக்குறைவு.

வேலையை நிறுத்தினோம். கோட்டுக்கு ஒரு சாண் மேலே, கீழ்நோக்கிச் சரிவாகப் பெரிய ஓட்டைகள் போட்டு, சுண்ணாம்பு, அரித்த மணல், செங்கல் தூள் மூன்றையும் கஞ்சிப் பதத்தில் கரைத்துப் புனல் வைத்து ஊற்றினோம். செங்கல் தூள் சும்மா சேர்ப்பதில்லை. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், சுவரின் நடுவே காற்று எங்கே இருக்கிறது? குறைந்த சூட்டில் சுட்ட செங்கல்லின் தூள் சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகும். இரண்டு வாரம் விட்டுவிட்டு அதே கோட்டில் மறுபடி துளைத்தோம்.

இந்த முறை கிறீம் குழாயைத் தள்ளியது. முதல் இரண்டு மீற்றரின் மறுவேலைக்கு 1.05 லீற்றர், மீதி 7.6 மீற்றருக்கு 4 லீற்றர். கணக்கைவிட நூற்றுக்கு 13 கூடுதல், நான் ஒதுக்கிவைத்த 15க்குள் அடங்கியது. மொத்தமாக இரண்டு சுவருக்கும் வீணானதோடு சேர்த்து 8.3 லீற்றர். நான்கு பொதி பிறகு வாங்க வேண்டி வந்தது, அந்தக் காசை நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் கல்லுச் சுவர் என்றால் முதலில் ஒரு மீற்றரில் பத்து ஓட்டை போட்டு, தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறேன். தண்ணீர் ஓட்டையில் தேங்கி மெல்ல இறங்கினால் சரி. கொடகொடவென்று காணாமல் போனால் முதலில் சாந்துக் கஞ்சி, பிறகுதான் மருந்து.

காயும் காலம்

மூன்று வாரத்துக்குப் பிறகு இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே சாந்துத் துண்டு பெயர்த்து அதே சொட்டுச் சோதனை. சொட்டு உருண்டு நின்றது. ஐந்து இடங்களில் பார்த்தேன், ஒன்றில் மட்டும் மெல்ல ஊறியது. அங்கே நடுவில் இன்னொரு ஓட்டை போட்டு நிரப்பினோம்.

டீச்சர் அடுத்த வாரமே பூசச் சொன்னார், பேரப்பிள்ளைகள் வருகிறார்களாம். மருந்து புதிய தண்ணீர் ஏறுவதைத்தான் தடுக்கும். மேலே ஏற்கனவே ஊறிக் கிடப்பது காய்ந்துதான் போக வேண்டும். பொதுக் கணக்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம். 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருடம். கடைசியில் அறைச் சுவரை மட்டும் ஒன்பது மாதத்தில் பூசிக் கொடுத்தோம். கல்லுச் சுவர் எலும்புக்கூடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பார்க்க அழகில்லைதான்.

2024 தையில், ஒரு மாரி போன பிறகு, 30 சென்ரிமீற்றரில் மொத்த ஈரம் 6.9. 2025 தையில் 3.1, அதில் உப்பின் பங்கு 2.4. அந்த மாரியிலும் மழைக்குக் குறைவில்லை. வெளியே நிலம் சதக்கென்று கிடந்த நாட்களிலும் எண் ஏறவில்லை.

பிறகு சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று, கொஞ்சம் செங்கல் தூளோடு பூசினோம். பூச்சை நிலத்தைத் தொடவிடாமல் மருந்துக் கோட்டுக்கு மேலேயே நிறுத்தி, நிலத்தோரத்தில் பலகை வைத்து மறைத்தோம். கலவைக்குப் பக்கத்து வளவு உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று நல்ல தண்ணீர் எடுத்தோம். ஈரத்தைப் போக்க ஒன்றரை வருடம் காத்திருந்துவிட்டு உப்புத் தண்ணீரில் பூசுவானேன். சுவரில் மிஞ்சிய உப்பு இந்தப் பூச்சுக்கு வந்து பூக்கும். சில வருடத்தில் கீழ் மூன்றடியை மறுபடி பூச வேண்டி வரலாம். பூச்சின் மேல் வெள்ளையடித்தோம், எமல்ஷன் இல்லை.

இந்த மருந்தால் ஆகாத ஒன்றும் உண்டு. ஏறும் ஈரம் நுண்துளை உறிஞ்சுவதால் வருவது, அதை இது தடுக்கும். நிலத்தடி நீர் மட்டமே உயர்ந்து சுவரை அழுத்தித் தள்ளினால், அல்லது சுவரின் ஒரு பக்கம் மண் குவிந்து கிடந்தால், திறந்திருக்கும் நுண்துளை வழியே அழுத்தத்தோடு தண்ணீர் வந்துவிடும். மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த வளவுகளில் இந்த வேலையைக் கேட்டு வந்தவர்களிடம் முதலில் வாய்க்கால் வெட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இந்த வீட்டில் ஒரு குறை மிஞ்சியது. வடமேற்கு மூலையில், கல்லுச் சுவர் விறாந்தைச் சுவரோடு சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் போகவில்லை. விறாந்தைச் சுவருக்கு மருந்து போடவில்லை; அதில் ஏறும் ஈரம் பக்கவாட்டில் இங்கே நுழைகிறது. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். மூலையின் செங்குத்து இணைப்பில் நிலத்திலிருந்து 120 சென்ரிமீற்றர் உயரம்வரை, 100 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 12 ஓட்டை போட்டு ஒரு பொதி கிறீம் ஏற்றினோம். பங்குனியில் செய்த வேலை அது. மூலைக்குப் பூச்சு இன்னும் போடவில்லை. டீச்சர் அதன் முன்னால் ஒரு அலுமாரியை இழுத்துவைக்கப் பார்த்தார். சுவருக்கு ஒரு சாண் இடம் விட்டு வையுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.